ஒப்படைத்த பிறகு ஐந்து கேள்விகள்

பலதுறைத் தொழிற்கல்லூரியின் இறுதியாண்டில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்தோம். மாலை வேண்டுபவர்கள் கடைக்கு நேரில் வராமல், கடை வாசலில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைத் திறன்பேசியில் படம் பிடித்து, என்ன மாலை, எத்தனை, எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து எடுப்போம் என்று பதிந்துவிடலாம். நான்கு மாத வேலை. படைப்பு நாளில் விரிவுரையாளர்கள் பாராட்டினார்கள். கடைக்காரர் அண்ணனும் வந்திருந்து, “ரொம்ப நல்லா செஞ்சிருக்காங்க பிள்ளைங்க” என்றார். நல்ல மதிப்பெண் கிடைத்தது. எங்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது.

ஐந்து மாதம் கழித்து, தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு முன் அம்மாவுடன் அதே கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த அக்கா, தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, சின்ன 555 நோட்டுப் புத்தகத்தில் ஆர்டரை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் கியூஆர் அட்டை நாள்காட்டிக்குப் பின்னால் செருகப்பட்டிருந்தது.

“அக்கா, இது வேலை செய்யலையா?” என்று கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார். “வேலை செய்யுது தம்பி. ஆனா ஆர்டர் எல்லாம் அண்ணனோட மின்னஞ்சலுக்குப் போகுது. அவரு ராத்திரி வீட்டுக்குப் போய்தான் பாப்பாரு, சில நாள் மறந்தும் போயிடும். காலையில மாலை கட்டுறது நாங்க. எங்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு கல்யாண ஆர்டர் அப்படித்தான் விட்டுப்போச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காலையில ஆறு மணிக்கு வந்து நிக்குறாங்க, இங்க மாலை இல்ல.”

“ஏன் அக்கா எங்களிடம் சொல்லவில்லை?” என்றேன். அவர் சொன்ன பதில் இன்னும் எனக்கு மறக்கவில்லை. “படிக்கிற பிள்ளைங்க. குறை சொன்னா உங்க மார்க்குல கை வெச்ச மாதிரி ஆயிடுமே.”

மதிப்பெண் வந்து மாதக்கணக்காகியிருந்தது. அது அவருக்குத் தெரியாது. அதைவிட முக்கியமாக, அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. ஆர்டர் அறிவிப்பு கடையின் திறன்பேசிக்கும் போகும்படி மாற்றுவது அரை மணி நேர வேலை. முதல் நாள் மாலை ஆறு மணிக்குப் பிறகு மறுநாள் காலை மாலைக்குப் பதிய முடியாதபடி செய்வது இன்னொரு அரை மணி நேரம். அந்த ஒரு மணி நேர வேலை ஐந்து மாதம் கிடப்பில் கிடந்ததற்குக் காரணம், ஒப்படைத்த பிறகு நாங்கள் ஒரு கேள்விகூடக் கேட்காததுதான்.

இன்று நான் பகலில் ஒரு வேலையும் மாலையில் சிறு கடைகளுக்கு வடிவமைப்பு வேலையும் செய்கிறேன். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வாடிக்கையாளரிடம் ஐந்து கேள்விகள் கேட்கிறேன். அந்த ஐந்துக்கு வந்து சேர்வதற்குள் சில தவறுகள் செய்தேன். பள்ளியிலும் கல்லூரியிலும் திட்டப்பணி செய்யும் உங்களுக்கு அந்தத் தவறுகளும் பயன்படும் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

இருபத்து நான்கு கேள்விகள், இருபத்து நான்கு ஐந்துகள்

பூக்கடைப் பாடத்துக்குப் பிறகு அடுத்த வேலையில் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டேன். ஓர் உணவகத்துக்கு விலைப்பட்டியல் அட்டை வடிவமைத்துக் கொடுத்துவிட்டு, கூகல் படிவத்தில் 24 கேள்விகள் அனுப்பினேன். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பளிக்க வேண்டும். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. 24 கேள்விகளுக்கும் ஐந்துக்கு ஐந்து. கடைசியில் ‘வேறு கருத்து’ என்ற கட்டத்தில், ‘ஓகே தம்பி, நன்றி’.

முதலில் மகிழ்ந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். 24 கேள்விகளைப் படித்து இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. அவர் படிக்கவில்லை, வலப்பக்க ஓரத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். எல்லாப் பதிலும் ஒரே எண்ணாக வந்தால், அது வேலையைப் பற்றிய மதிப்பீடு அல்ல, படிவத்தைப் பற்றிய மதிப்பீடு. ‘இதை முடித்துவிட்டு நான் கடையைப் பார்க்க வேண்டும்’ என்பதுதான் அந்த 24 ஐந்துகளின் பொருள்.

கேள்விகளிலும் கோளாறு இருந்தது. ‘அட்டையின் வடிவமைப்பும் எழுத்தின் தெளிவும் உங்களுக்குத் திருப்தி அளித்தனவா?’ என்று ஒரு கேள்வி. இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வடிவமைப்பு பிடித்து, எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நினைப்பவர் எந்த எண்ணைத் தட்டுவார்? ‘எங்கள் உழைப்பு உங்களைக் கவர்ந்ததா?’ என்று இன்னொன்று. இதற்கு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? பாராட்டை நானே கையில் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பழக்கம் ஆய்வாளர்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1963ஆம் ஆண்டில் எமிலி ஜோன்ஸ் என்பவர், தென்கிழக்காசியாவில் நடத்தப்படும் கருத்தாய்வுகளில் காணப்படும் ‘மரியாதைச் சாய்வு’ பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கேட்பவரின் மனம் நோகக்கூடாது என்பதற்காக, அவர் விரும்புவார் என்று தோன்றும் பதிலையே மக்கள் சொல்லிவிடுவதுதான் அந்தச் சாய்வு. பூக்கடை அக்கா செய்ததும் அதுதான். அதில் பொய் இல்லை, அன்பு இருந்தது. ஆனால் அந்த அன்பால் ஒரு கல்யாண வீட்டுக்கு மாலை போய்ச் சேரவில்லை. ஆகவே குறை சொல்லும்படி மக்களை வற்புறுத்துவதில் பயனில்லை. குறை சொல்கிறோம் என்ற நினைப்பே வராமல் உண்மையைச் சொல்லக்கூடிய கேள்வியைத் தேட வேண்டும்.

விமான நிலையத்துக்குப் பொருந்துவது நமக்குப் பொருந்தாது

சாங்கி விமான நிலையத்தில் கழிவறையை விட்டு வெளியே வரும்போது சுவரில் ஒரு தொடுதிரையைப் பார்த்திருப்பீர்கள். மகிழ்ச்சி முகத்திலிருந்து வருத்த முகம் வரை வரிசையாக இருக்கும். வருத்த முகத்தைத் தொட்டால் காரணம் கேட்கும்: தரை ஈரமா, தாள் தீர்ந்துவிட்டதா, நாற்றமா? நீங்கள் தொட்டதும் துப்புரவுப் பணியை மேற்பார்வையிடுபவருக்குத் தகவல் போகும். இரண்டே தொடுதல், சில விநாடிகள்.

அந்த முறையிலிருந்து நான் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, அனுபவம் மனதில் புதிதாக இருக்கும்போதே கேட்பது. இரண்டு, சரிசெய்யக்கூடிய ஒருவரிடம் பதில் நேராகப் போய்ச் சேர்வது. முகங்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. விமான நிலையத்தில் ஒரு நாளைக்கு ஏராளமானோர் அந்தத் திரையைத் தொடுகிறார்கள். அத்தனை பேரின் முகங்களை எண்ணினால் எந்த இடத்தில், எந்த நேரத்தில் கோளாறு என்று தெரிந்துவிடும். எனக்கு ஓர் ஆண்டில் ஆறேழு வாடிக்கையாளர்கள்தான். திட்டப்பணி செய்யும் உங்களுக்கு ஒரே ஒருவர்.

‘எங்களை மற்றவர்களிடம் பரிந்துரைப்பீர்களா? பூச்சியத்திலிருந்து பத்து வரை சொல்லுங்கள்’ என்ற கேள்வியும் இப்படித்தான். வங்கியிலிருந்தோ தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்தோ உங்களுக்கும் வந்திருக்கும். ஃபிரெட் ரைக்கெல்ட் என்பவர் 2003ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதியதன்மூலம் இது பரவியது. ஒன்பது, பத்து சொன்னவர்களின் விழுக்காட்டிலிருந்து ஆறும் அதற்குக் கீழும் சொன்னவர்களின் விழுக்காட்டைக் கழிப்பார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் கேட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நான்கு பேரிடம் கேட்டால், ஒருவர் அன்று கோபமாக இருந்தாலே கணக்கு தலைகீழாகிவிடும். மிகச் சிலரிடம் கேட்பவருக்கு எண்ணால் பயனில்லை. அவர்கள் வாயால் சொல்லும் சம்பவம்தான் பயன்.

இராணுவத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து நான்கு கேள்விகளைப் பேசுவார்கள்: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் அந்த வேறுபாடு, அடுத்த முறை எதைத் தொடர்வது, எதை மாற்றுவது? அமெரிக்க இராணுவம் 1970களில் தொடங்கிய முறை இது. தேசிய சேவை முடித்த அண்ணன்மாரைக் கேட்டால் ‘ஏஏஆர்’ என்று உடனே சொல்வார்கள். அதில் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை, நடந்ததைத்தான் கேட்கிறார்கள். என் ஐந்து கேள்விகளுக்கு விதை அங்கிருந்துதான் வந்தது.

அந்த ஐந்து கேள்விகள்

அதே உணவகத்துக்கு மூன்று வாரம் கழித்து மறுபடியும் எழுதினேன். இம்முறை படிவம் இல்லை, வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி. ‘அண்ணே, குரல் பதிவாகவே அனுப்பலாம், ஐந்து நிமிடம் போதும். நல்லதைச் சொல்ல வேண்டாம், அதை நான் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அச்சடிப்பதற்குள் திருத்துவதற்காகக் கேட்கிறேன்’ என்று தொடங்கிவிட்டு, இவற்றைக் கேட்டேன்.

ஒன்று: கடைசியாக யார் அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்? அப்போது என்ன நடந்தது?

இரண்டு: அட்டையைப் பார்த்த பிறகும் மக்கள் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பது என்ன?

மூன்று: அட்டை வந்த பிறகும் பழையபடியே செய்யும் வேலை ஏதாவது உண்டா?

நான்கு: நாங்கள் வேலை செய்தபோது, எந்தக் கட்டத்தில் உங்களுக்குத் தொந்தரவாக இருந்தது?

ஐந்து: ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

இந்த ஐந்தில் எதற்கும் ‘நல்லா இருக்கு’ என்று பதில் சொல்ல முடியாது என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்வி கருத்தைக் கேட்கவில்லை, சம்பவத்தைக் கேட்கிறது. சம்பவத்தைச் சொல்வதில் யாருக்கும் சங்கடம் இல்லை. இரண்டாவது கேள்வியில் குறை என் வேலையில் இருந்தாலும், அதை அவர் தம் வாடிக்கையாளர்களின் பேச்சாகச் சொல்லிவிடலாம். மூன்றாவதை நான் 555 நோட்டுப் புத்தகத்திலிருந்து கற்றேன். நாம் செய்து கொடுத்தது பயன்படாத இடத்தில் பழைய முறை திரும்பி வந்துவிடும். நான்காவது பொருளைப் பற்றியது அல்ல, நம் நடத்தையைப் பற்றியது. ஐந்தாவதில் ‘ஒன்றே ஒன்று’ என்ற சொல் முக்கியம். ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், மனிதர்கள் தங்களுக்கு ஆக முக்கியமானதைச் சொல்வார்கள்.

அன்று மாலை நான்கு நிமிடக் குரல் பதிவு வந்தது. அதில் இருந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். முந்தைய நாள் மதியம் ஒரு சுற்றுப்பயணிக் குடும்பம் வந்து, அட்டையைப் புரட்டிவிட்டு, எது சைவம் என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறது. அது அன்று மட்டும் அல்ல, தினமும் பத்துத் தடவையாவது நடக்கிறது. சைவ உணவுக்குப் பக்கத்தில் நாங்கள் பச்சைப் புள்ளி வைத்திருந்தோம். ஆனால் அது மிளகு அளவு. பச்சைப் புள்ளி என்றால் சைவம் என்று இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அதை விளக்கி ஒரு வரி எங்கும் எழுதவில்லை. பழைய வேலை என்னவென்றால், தோசை வகைகளைச் சுவரில் ஒட்டிய பழைய படத்தைக் காட்டித்தான் இன்னும் விளக்குகிறார்கள்.

நான்காவது கேள்விக்கான பதில்தான் எனக்குச் சுருக்கென்றது. “அச்சுக்குப் போறதுக்கு முந்தி சரிபார்க்கச் சொல்லி மத்தியானம் பன்னண்டரைக்கு அனுப்புனீங்க தம்பி. அந்த நேரத்துல கூட்டம் எப்படி இருக்கும்னு தெரியாதா? சும்மா ஓகே போட்டுட்டேன். அப்புறம் பார்த்தா ஒரு விலை தப்பு. பேனாவால திருத்தி வெச்சிருக்கோம்.” அந்தத் தவறு எனக்குத் தெரியவே தெரியாது. விலை எழுதியதில் தவறு என்னுடையது. அதைப் பிடிக்க முடியாத நேரத்தில் அனுப்பியதும் என் தவறுதான். ஐந்தாவது கேள்விக்கு, “சைவம் எதுன்னு பெரிசா போடுங்க, அது போதும்” என்றார்.

இரண்டாம் பதிலும் ஐந்தாம் பதிலும் ஒரே இடத்தைச் சுட்டின. அப்படிச் சுட்டினால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான் என்று அறியலாம்.

பதில் வந்த பிறகு

பதிலை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். நான் பதில்களை மூன்றாகப் பிரித்து எழுதுவேன். என் தவறு என்ன? புதிய தேவை என்ன? என்னால் முடியாதது என்ன?

உணவகத்தில் தப்பான விலையும் விளக்கம் இல்லாத பச்சைப் புள்ளியும் என் தவறுகள். அவற்றைக் காசு வாங்காமல் திருத்தி, அச்சுக்கான கோப்பை இரண்டு நாளில் அனுப்பினேன். தோசைகளுக்குப் படம் போடுவது புதிய தேவை. அது முதலில் பேசிய வேலையில் இல்லை. அதற்குப் படம் எடுக்க வேண்டும், பக்கம் கூட வேண்டும், ஆகவே தனியாகச் செலவைச் சொன்னேன். சமையலறையில் எண்ணெய்க் கையோடு தொட்டால் அட்டை கறைபடுகிறது என்றும் சொன்னார். அது அச்சகத்தின் பொருள். வேறு உறை போடச் சொல்லி அச்சகத்தைக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். மூன்றையும் ஒரே செய்தியில், ‘நீங்கள் சொன்னது இது, நான் செய்தது இது, செய்ய முடியாதது இது’ என்று எழுதி அனுப்பினேன்.

இந்தப் பிரிவு இல்லாவிட்டால் ஓர் ஆபத்து உண்டு. ‘என்ன மாற்றலாம்?’ என்று கேட்டதும், சிலர் அதை இலவசமாக இன்னும் வேலை வாங்கிக்கொள்ளும் அழைப்பாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நாம் எல்லையைச் சொல்லவில்லை. அதனால்தான் கடைசித் தவணைப் பணம் கைக்கு வந்த பிறகே கேட்கிறேன். பணம் பாக்கியிருக்கும்போது கேட்டால், நம் கேள்வி அவருக்குப் பேரமாகத் தெரியலாம். அவர் பதில் நமக்குப் பேரமாகத் தெரியலாம். மாணவர்களான உங்களுக்குப் பணத்தின் இடத்தில் மதிப்பெண் இருக்கிறது. மதிப்பெண் வந்த பிறகு கேளுங்கள், ‘மதிப்பெண் வந்துவிட்டது, இனி நீங்கள் என்ன சொன்னாலும் அது குறையாது’ என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வரியை நாங்கள் சொல்லியிருந்தால் பூக்கடை அக்கா அன்றே பேசியிருப்பார்.

எப்போது, யாரிடம்

நேரத்தைப் பற்றி இரண்டு விதி வைத்திருக்கிறேன். நான்காவது கேள்வியை, அதாவது நம்மோடு வேலை செய்த அனுபவத்தை, ஒப்படைத்த ஒரு வாரத்துக்குள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மறந்துவிடும். மற்ற நான்கையும், செய்து கொடுத்த பொருள் ஒரு முழுச் சுற்றுப் பயன்பட்ட பிறகு கேட்க வேண்டும். விலைப்பட்டியலுக்கு இரண்டு மூன்று வாரம் போதும். பூக்கடைக்கு ஒரு முகூர்த்த நாளாவது கடந்திருக்க வேண்டும். ஒப்படைத்த மறுநாளே கேட்டால் கிடைப்பது நன்றி மட்டும்தான். உணவகத்தில் நான் ஐந்தையும் சேர்த்து மூன்று வாரம் கழித்துக் கேட்டேன். பேனாவால் திருத்திய விலை அந்த மூன்று வாரமும் மேசைமேல் கிடந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாகப் பிரித்தேன்.

கடையின் நேரமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சிராங்கூன் சாலைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். உணவகத்துக்கு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை, பூக்கடைக்குக் காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, துணிக்கடைக்குத் தீபாவளி முடிந்த பிறகு. பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவேன். அதற்கு மேல் கேட்பதில்லை. ஆனால் பதில் வராததைத் திருப்தி என்று எழுதிக்கொள்வதும் இல்லை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நாங்கள் முதலில் சறுக்கினோம். பூக்கடையில் முதலாளி அண்ணனைத்தான் சந்தித்தோம், அவரைத்தான் படைப்புக்கு அழைத்தோம். மாலை கட்டுபவர்களிடம் ஒரு நாளும் பேசவில்லை. வேலையைக் கொடுப்பவர் ஒருவராகவும், அதைத் தினமும் கையாள்பவர் வேறொருவராகவும் இருக்கும் இடங்களே அதிகம். இருவரிடமும் கேட்க வேண்டும், தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது ஊழியர் சொல்வது அவருக்கான பதில். ஊழியர் சொன்னதை முதலாளியிடம் சொல்லும்போது பெயரைச் சொல்லாமல் சொல்வதும் நம் பொறுப்பு.

பாராட்டு வேண்டுமென்றால் அதைத் தனியாகக் கேளுங்கள். உங்கள் படைப்புத் தொகுப்பில் போட்டுக்கொள்ள நாலு நல்ல வார்த்தை கேட்பது தவறில்லை. ஆனால் அதையும் இந்த ஐந்தையும் ஒரே செய்தியில் கேட்டால், அவர் நல்ல வார்த்தையை மட்டும் அனுப்பிவிட்டுக் குறையை விழுங்கிவிடுவார். திருத்தம் முடிந்த பிறகு கேளுங்கள். அவர் பெயரையோ கடைப் படத்தையோ போடுவதற்கு முன் எங்கே போடப்போகிறோம் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். குரல் பதிவைப் பிறருக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி எட்டாத இடம்

ஐந்து கேள்விகள் எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடாது. மனிதர்கள் பழகிப்போன தொந்தரவைத் தொந்தரவு என்று உணர்வதில்லை. பூக்கடையில் அறிவிப்பைச் சரிசெய்த பிறகு இந்த ஐந்தையும் கேட்டேன். “எல்லாம் சரியா இருக்கு தம்பி, நெஜமாத்தான்” என்றார் அக்கா. அன்று கால் மணி நேரம் கடையிலேயே நின்று பார்த்தேன். ஒவ்வோர் ஆர்டர் வரும்போதும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, திறன்பேசியை எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி, எடுக்க வரும் நேரத்தைத் தேடிப் பார்த்தார். அது அறிவிப்பின் கடைசி வரியில் இருந்தது. அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தேன். அவர் அதை ஒரு குறையாக நினைத்திருக்கவே மாட்டார். ஆகவே முடிந்தபோதெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றும் பாருங்கள்.

உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், இதெல்லாம் காசு வாங்கிச் செய்யும் வேலைக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். முதியோர் இல்லத்தில் ஒரு மணி நேர நிகழ்ச்சி நடத்திவிட்டு, ‘மகிழ்ச்சியாக இருந்ததா தாத்தா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். ‘எந்தப் பாட்டு உங்கள் காதுக்குச் சரியாக எட்டவில்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை ஒலிபெருக்கியை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

நம் பாடத்திட்டங்களில் திட்டப்பணி என்பது படைப்பு நாளோடு முடிந்துவிடுகிறது. அறிக்கை, படவில்லைகள், மதிப்பெண், எல்லாம் அந்த நாளுக்குள். உண்மையான பயன்பாடு அதற்கு மறுநாள்தான் தொடங்குகிறது. அட்டவணையில் மூன்று வாரம் தள்ளி இன்னொரு நாளைக் குறித்து, வாடிக்கையாளர் சொன்ன ஐந்து பதில்களையும் அவற்றுக்கு மாணவர்கள் செய்ததையும் ஒரு பக்கத்தில் எழுதி வாங்கலாம் என்பது ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள். அந்தப் பக்கத்துக்கு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் போட்டால் அக்கா மறுபடியும் வாயை மூடிக்கொள்வார்.

பள்ளி அதைச் செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டு யாருக்கோ எதையோ செய்து கொடுத்துவிட்டு வந்திருப்பீர்கள். இந்த வாரம் கூட்டம் இல்லாத ஒரு மதியத்தில் அங்கே போய், அது இப்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாள்காட்டிக்குப் பின்னால் இருந்தால், முதல் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.